தூங்குவதற்காகக் கேட்ட ஒலிப்புத்தகங்கள்: இரண்டு ஆண்டு அனுபவம்

படுக்கையில் கைபேசித் திரையில் படிக்கும் பழக்கத்தை விடுவதற்காகவே நான் ஒலிப்புத்தகங்களுக்கு மாறினேன். 2014 இறுதியில் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் 4 மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தவர்களுக்கு, அச்சு நூலைப் படித்தபோது ஆனதைவிட ஏறத்தாழ 10 நிமிடம் தாமதமாகத்தான் தூக்கம் வந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர்தான் என்றாலும், என் அனுபவமும் அதையே சொன்னது. திரை போனால் சிக்கலும் போய்விடும் என்று நினைத்தேன், அது தவறு.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது ஒரு துப்பறியும் நாவல். ஸ்லீப் டைமரை 30 நிமிடத்துக்கு வைப்பேன். ஆனால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கேள்வியைத் தொங்கவிட்டே முடியும் என்பதால், ஒலி நின்றதும் கை தானாகவே நேரத்தை நீட்டிக்கும். ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்த்தபோது, ஐந்து இரவுகளில் இரண்டு முறைக்கு மேல் நீட்டித்திருந்தேன். அந்தக் குறிப்புதான் எனக்கு இன்றுவரை அளவுகோல்: டைமர் நிற்பதைக் கவனிக்கிறேன் என்றால், அந்த நூல் பகலுக்கு உரியது.

அடுத்து, முன்பே முழுமையாகப் படித்திருந்த ஒரு பயண நூலை எடுத்துக்கொண்டேன். முடிவு தெரிந்திருப்பதால் அடுத்து என்ன என்ற தவிப்பு எழுவதில்லை. அதே சமயம், மலைப்பாதையையும் மழையையும் பற்றிய வருணனை, மறுநாள் வேலையை நினைத்துக் கவலைப்பட மனத்துக்கு இடம் கொடுக்காத அளவுக்குப் பிடித்து வைக்கிறது. முழுக்கச் சலிப்பான நூல் எனக்கு உதவவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: வரி விதிப்பு பற்றிய ஒரு நூலை முயன்றபோது கவனம் நழுவி நேராகக் கவலைகளிடமே போய்ச் சேர்ந்தது. இப்போது டைமர் 20 நிமிடம், வேகம் 0.9, சொற்களைப் பிரித்தறியச் சற்றே முயல வேண்டிய அளவுக்குக் குறைந்த ஒலி. காலையில் கடைசியாக நினைவிருக்கும் காட்சியிலிருந்து தொடங்குவதால், ஒரே அத்தியாயம் மூன்று இரவு ஓடுவதும் உண்டு.

உறக்கத்துக்கென்றே தயாரிக்கப்படும் பாட்காஸ்ட்களில் எனக்கு உள்ளடக்கத்தைவிட அதைச் சுற்றியிருப்பதே தொல்லையானது. மெல்லிய குரலுக்கு நடுவே உரத்த விளம்பரம் புகுந்து என்னை எழுப்பியதுண்டு. தானாக அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும் அமைப்பை அணைக்க மறந்த ஓர் இரவில், அதன் தொடக்க இசை மூன்று மணிக்கு ஒலித்தது. இருவர் சிரித்துப் பேசும் நிகழ்ச்சிகளை விலக்கிவிட்டேன். ஒருவரே ஏற்ற இறக்கமின்றிப் பேசுவதுதான் எனக்கு ஒத்துவருகிறது.

நள்ளிரவில் விழித்துக்கொண்டால் இந்த முறை பாதிதான் பலிக்கிறது. இரண்டாவது 20 நிமிடமும் விழித்தபடியே கழிந்தால் ஒலியை நிறுத்திவிட்டு, வேறு அறையில் மங்கிய விளக்கில் அச்சு நூலைப் படித்து, கண் சொருகிய பிறகே திரும்புகிறேன்.