பெட்டி பெரிசு என்றால் ஆள் அதிகமா?

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் அக்கா மகள், மதிப்பெண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று ஒரு பெட்டியாலும் கோடுகளாலும் காட்டும் பாக்ஸ் பிளாட் ஒன்றை வகுப்பில் வரைந்து, அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். மேலே பதினொரு பேரின் மதிப்பெண்கள்: 32, 41, 48, 50, 53, 55, 58, 60, 70, 78, 92. கீழே பெட்டி. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் அகலமாகவும் இடப்பக்கம் ஒடுக்கமாகவும் இருந்தது. "சித்தி, வலது பக்கம்தானே பெரிசு, அதுல நிறைய பேர் இருக்காங்கதானே?" என்று கேட்டாள்.

இதை விளக்க எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள். ஒன்று, படத்திலிருந்தே ஐந்து எண்களைப் படிக்க வைப்பது: சிறுமம், பெட்டியின் இடது விளிம்பான முதல் கால்மானம், நடுக்கோடான இடைநிலை, வலது விளிம்பான மூன்றாம் கால்மானம், பெருமம். தேர்வில் கேட்பதும் இதைத்தான். ஆனால் போனைச் சாய்த்து எடுத்த படத்தில் கண் ஏமாந்துவிடும். பெட்டியின் வலது விளிம்பை அவள் 67 என்று படித்தாள். திரையில் செங்குத்தாக இறங்காமல், வரைபடத்தாளில் அச்சடித்த கட்டக்கோட்டைப் பிடித்துக்கொண்டே அச்சுக்கு வரச் சொன்னேன். அங்கே இருபுறமும் உள்ள அடுத்தடுத்த குறிகளோடு மட்டும் ஒப்பிட்டபோது 70 வந்தது. 32, 48, 55, 70, 92 என ஐந்தும் சரி. அவள் சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த எண்கள் கோடு எங்கே நிற்கிறது என்று சொல்லும். கோடுகளுக்கு இடையே எத்தனை பேர் என்று சொல்லாது.

இரண்டாவது வழி, பெட்டிக்குக் கீழே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்வது. ஆறாவது புள்ளி 55, அதுவே இடைநிலை. அதற்கு முன்னால் ஐந்து பேர், அவர்களின் நடு ஆள் 48. பின்னால் ஐந்து பேர், அவர்களின் நடு ஆள் 70. இப்போது இடைவெளிகளை எண்ண வேண்டும். 48க்கும் 55க்கும் நடுவே இரண்டு பேர், 55க்கும் 70க்கும் நடுவே இரண்டு பேர். பெட்டியின் இருபுறமும் நீளும் மீசைக் கோடுகளிலும் பெட்டிக்கு வெளியே இரண்டிரண்டு பேர்தான். ஆட்கள் சமம், அவர்கள் விலகி நிற்கும் தூரம்தான் வேறு. எண்ணி முடித்ததும், "அப்போ பெரிசுன்னா சிதறி இருக்காங்க!" என்றாள்.

புரிய வைக்க நான் இரண்டாவதையே முதலில் எடுப்பேன். எண்களைப் படிப்பது அதற்குப் பிறகுதான். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இடைநிலையையும் இரு பாதிகளிலும் சேர்த்துக் கணக்கிடும் முறையில் பெட்டி 49இல் தொடங்கி 65இல் முடியும். அப்படி வந்தால் படத்தைக் குறை சொல்லாமல், ஆசிரியர் எந்த முறையைச் சொன்னார் என்று கேளுங்கள்.

மதிப்பெண் பட்டியல் இல்லாமல் பெட்டி மட்டும் படத்தில் இருந்தால் புள்ளி வைக்க முடியாது. வேறு வேறு பட்டியல்கள் அதே பெட்டியைத் தரும். அப்போது நான்கு பகுதிகளிலும் "ஏறத்தாழ கால் பங்கு" என்று பென்சிலால் எழுதச் சொல்லிவிட்டு, எண்களைப் படிக்கும் வழிக்குப் போவேன்.