பிவிடிஎஃப்பா, சிஎம்சியா? எலக்ட்ரோடைப் பிடித்து வைக்கும் அந்தச் சில சதவீதம்

மதுரைப் பக்கம் கல்லூரி ஆய்வகத்தில் புராஜெக்டுக்காக லித்தியம் அயான் பேட்டரியின் காயின் செல் செய்கிறவர்களுக்கு 80:10:10 என்ற கலவை மனப்பாடம். 2 கிராம் கலவை என்றால் 1.6 கிராம் கிராஃபைட், மின்சாரம் கடத்த 0.2 கிராம் கார்பன் பிளாக், துகள்களை ஒட்டிப்பிடிக்கும் பைண்டராக 0.2 கிராம் பிவிடிஎஃப். அந்த 0.2 கிராமை என்எம்பி கரைப்பானில் 5 சதவீதக் கரைசலாக்கி, 4 கிராம் ஊற்றினால் சரி. பழகிய வழி, கை தவறாது. ஆனால் கிராஃபைட் அனோடுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். தண்ணீரில் கரையும் சிஎம்சியும் ரப்பர் பாலான எஸ்பிஆரும் சேர்ந்த ஜோடிதான் என் தேர்வு. தொழிற்சாலைகளும் அனோடுக்குப் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன.

விலையும் என்எம்பியின் நச்சுத்தன்மையும் அதற்குக் காரணங்கள்தான். என்எம்பி 202 டிகிரியில் கொதிப்பது, கருவைப் பாதிக்கக்கூடியது. புகைபோக்கி சரியில்லாத அறையில் அதைத் தொடவே கூடாது. ஆனால் செல்லின் ஆயுளைத் தீர்மானிப்பது பிடிப்பு. பிவிடிஎஃப் துகள்களோடு வேதிப் பிணைப்பு எதுவும் போடுவதில்லை, மேலோட்டமாக ஒட்டிக்கொள்கிறது. எலக்ட்ரோலைட்டில் ஊறி உப்பவும் செய்யும். கிராஃபைட் சார்ஜ் ஏறும்போது சுமார் 10 சதவீதம்தான் பருக்கிறது, அதைச் சமாளித்துவிடும். சிலிக்கான் கலந்தால் கதை மாறும். அது முழுதாக சார்ஜ் ஏறினால் ஏறக்குறைய நான்கு மடங்கு பருமனாகும். பிவிடிஎஃப் போட்ட சிலிக்கான் எலக்ட்ரோடு சில பத்து சுழற்சிகளுக்குள் பெரும்பாலும் சுருண்டுவிடும். சிஎம்சியில் இருக்கும் கார்பாக்சில் தொகுதிகளோ, சிலிக்கானின் ஆக்சைடு மேற்பரப்பைக் கெட்டியாகப் பற்றிக்கொள்கின்றன. சிஎம்சி தனியாக இருந்தால் விறைத்து வெடிக்கும். வளைந்துகொடுக்கும் வேலை எஸ்பிஆருடையது.

தண்ணீர் வழியில் கெடுவது பெரும்பாலும் உலர்த்தலில்தான். மே மாதத்தில் பூச்சு போட்ட கையோடு மேலே ஆடை படிந்துவிடும். அவசரப்பட்டு சூடேற்றினால் மேற்பரப்பிலிருந்து நீர் வேகமாக ஆவியாகி, எஸ்பிஆர் துகள்களையும் கூடவே மேலே இழுத்துக்கொண்டு போகும். காப்பர் ஃபாயிலை ஒட்டிய அடிப்பக்கத்தில் பைண்டரே மிஞ்சாது. பார்வைக்கு எலக்ட்ரோடு அழகாகத்தான் இருக்கும். செல்லோடேப் ஒட்டி உரித்துப் பாருங்கள்: பளிச்சென்று செம்பு தெரிந்தால் அடி பலவீனம், டேப்பில் மேல்பூச்சு கொஞ்சம் கருப்பாக ஒட்டி வந்து, ஃபாயில் மூடியே இருந்தால் பிடிப்பு பரவாயில்லை. முதலில் 50, 60 டிகிரியில் நிதானமாக உலர்த்தி, பிறகு வெற்றிட அடுப்புக்கு மாற்றுவது நல்லது. எஸ்பிஆரைக் கடைசியாகச் சேர்த்து மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாக அடித்தால் ரப்பர் பால் திரிந்துவிடும்.

கேதோடு பக்கம் நான் கட்சி மாறுகிறேன். நிக்கல் அதிகமுள்ள கேதோடு பொடியைத் தண்ணீரில் போட்டால் லித்தியம் கசிந்து, காரத்தன்மை ஏறி, அலுமினியம் ஃபாயிலை அரிக்கும். அங்கே பிவிடிஎஃப்தான் பத்திரம். அதற்கும் ஒரு எதிரி உண்டு: ஈரக்காற்று. ஐப்பசி மழைக்காலத்தில் பூசுவதற்குக் கரைத்த குழம்பான ஸ்லரியைத் திறந்து வைத்தால் என்எம்பி ஈரத்தை உறிஞ்சும். பொடியின் மேலுள்ள காரமும் சேர்ந்து பிவிடிஎஃப்பைச் சிதைக்கும். ஸ்லரி பழுப்பேறி உறைந்துபோனால் என்எம்பி ஊற்றி மீட்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

அப்புறம் கார்பன். கார்பன் பிளாக் மலிவு, கலப்பது எளிது. பல பத்து நானோமீட்டர் உருண்டைகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மின்பாதை போடுகின்றன. ஆனால் மேற்பரப்பு அதிகம் என்பதால் பைண்டரை உறிஞ்சிக்கொள்ளும். கூடப் போட்டால் கடத்தல் நன்றாக இருக்கும் என்று நினைத்து அளவை ஏற்றினால் பூச்சு உதிரத் தொடங்கும். அனோடில் அந்தக் கூடுதல் மேற்பரப்பு முதல் சார்ஜிலேயே கொஞ்சம் லித்தியத்தையும் விழுங்கும்.

கார்பன் நானோகுழாயின் பலம் அதன் நீளம். மண்சுவரில் கலக்கும் வைக்கோல் மாதிரி, விரிசல் விட்டாலும் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். கார்பன் பிளாக் 3 சதவீதம் செய்யும் வேலையை 1 சதவீதமோ அதற்கும் குறைவோ செய்துவிடும். விலை அதிகம், முடிச்சு முடிச்சாகக் கிடப்பதைப் பிரிப்பதும் பெரும்பாடு, அதனால் ஏற்கெனவே பிரித்துவைத்த கரைசலாக வாங்குவது மேல். சிலிக்கான் இருந்தால் இந்தச் செலவு தகும். வெறும் கிராஃபைட்டுக்கு வீண் செலவு என்பேன்.

செல் களைத்துவிட்டால் குற்றவாளி பைண்டரா கார்பனா? எலக்ட்ரோடைக் கழற்றி, புது லித்தியத் தகட்டோடு மறுபடி கட்டி, ஒருமுறை முழுதாக சார்ஜ் ஏற 20 மணி நேரம் பிடிக்கும் அளவுக்கு மெல்லிய மின்னோட்டத்தில் ஓட்டுங்கள். கொள்ளளவு பெருமளவு திரும்பி வந்தால் துகள்கள் இன்னும் தொடர்பில்தான் இருக்கின்றன, மின்தடை ஏறியிருக்கலாம். கார்பன் அளவையும் கலக்கலையும் பாருங்கள். திரும்பாவிட்டால் துகள்கள் துண்டிக்கப்பட்டுத் தனித்துக் கிடக்க வாய்ப்பு அதிகம். அப்போது கழற்றிய எலக்ட்ரோடில் ஃபாயிலின் ஓரங்களைப் பாருங்கள், பூச்சு உரிந்திருந்தால் பைண்டரிலிருந்து தொடங்குங்கள்.