சங்கிலி எத்தனை சவரன்? தண்ணீரில் அளக்க எந்த வழி?

ஒரு சவரன் என்பது 8 கிராம். 22 கேரட் தங்கம் மில்லிக்கு ஏறத்தாழ 17.7 கிராம் எடை இருக்கும். இரண்டையும் வகுத்துப் பார்த்தால், ஒரு சவரன் நகை விலக்கும் தண்ணீர் 0.45 மில்லிதான், ஒன்பது சொட்டுக்குப் பக்கம். எந்த வழியில் அளந்தாலும் இவ்வளவு சின்ன அளவைப் பிடிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

3 சவரன் சங்கிலியை எடுத்துக்கொள்வோம். அது விலக்க வேண்டியது 1.36 மில்லி. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 100 மில்லி அளவுசாடியில் கோடுகள் ஒரு மில்லிக்கு ஒன்று. அரை மில்லி தவறாகப் படித்தாலே ஒரு சவரனுக்கு மேல் பிசகிவிடும். 0.2 மில்லி கோடு போட்ட 10 மில்லி சாடி பரவாயில்லை. நீர்மட்டத்தின் நடுக்குழியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படித்தால் 0.1 மில்லி, அதாவது கால் சவரனுக்குள் பிழை நிற்கும். வழியும் நீரைப் பிடித்து அளக்கும் பாத்திரத்தை நான் சேர்க்கவே மாட்டேன். மூக்கில் தங்கும் சில சொட்டுகளே அரைச் சவரனைத் தின்றுவிடும்.

எனக்குப் பிடித்தது தொங்கவிடும் முறை. 0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் கட்டிய சங்கிலியை முழுக்க அமிழ்த்துங்கள். அடியிலோ சுவரிலோ படக்கூடாது. தராசு காட்டுவது சங்கிலியின் எடை அல்ல, அது விலக்கிய தண்ணீரின் எடை. 1.35 என்று வந்தால், 17.7 ஆல் பெருக்க 23.9 கிராம், கிட்டத்தட்ட 3 சவரன்.

கண்ணிகளுக்கிடையே ஒட்டும் காற்றுக்குமிழிதான் இரு முறைக்கும் எதிரி. 0.1 மில்லி காற்று சிக்கினால் 1.8 கிராம் கூடுதலாகத் தெரியும். கொதித்து ஆறிய நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, சங்கிலியை ஆட்டி அமிழ்த்தினால் குமிழி விலகும்.

ஆனால் தராசு கையில் இருக்கும்போது எடையை ஏன் கணக்குப் போட வேண்டும்? நூலைத் தளர்த்திச் சங்கிலியை அடியில் உட்காரவிட்டால் அதன் முழு எடை, 24.00, நேராகவே வந்துவிடும். அதை 1.35 ஆல் வகுத்தால் 17.8. இது எடையைவிடப் பயனுள்ள எண். சாடி முறை 17.7 என்று நாம் நம்பிப் போட்டதைத் திருப்பித் தருகிறது, அதே 1.36 மில்லி 18 கேரட்டாக இருந்தால் எடை 21 கிராம்தான், ஆனால் சாடி அதைச் சொல்லாது. தராசு 15.5 என்று காட்டிக் கொடுத்துவிடும். 22 கேரட்டிலும் செம்பு மட்டும் கலந்தால் 17.6, வெள்ளி மட்டும் கலந்தால் 18 வரை போகும். அதற்குள் இருப்பது சரிதான்.

உள்ளே காற்று அடைபட்ட பொள்ளல் சங்கிலியில் எண் 11, 12 என்று இறங்கும். அது பொள்ளலா, மட்டத் தங்கமா என்று தண்ணீரால் பிரித்துச் சொல்ல முடியாது. நகைக்கடையின் எக்ஸ்ரே கருவிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.