sort கட்டளையில் -u: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகும் ஆறாத கோபம்

நெல் வியாபாரக் கணக்கு பார்க்கும் கும்பகோணத்து நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: “பட்டியல்ல ரெண்டு தடவை ஏறின வரியை எடுக்க `sort -u` போட்டேன், மூட்டைக் கணக்கு குறையுதே, ஏன்?” இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதியே வைக்கிறேன்.

அவருடைய பட்டியலின் அமைப்பு இதுதான். ஊர், விவசாயி எண், மூட்டை என்று மூன்று புலங்கள், நடுவே முக்காற்புள்ளி:

```
திருவையாறு:101:85
பாபநாசம்:103:120
திருவையாறு:101:9
மன்னார்குடி:102:40
பாபநாசம்:103:120
```

பாபநாசம் வரி இரண்டு முறை ஏறியிருக்கிறது. அதில் ஒன்றுதான் போக வேண்டும். 101-ஆம் எண்காரர் 85 மூட்டையும், பிறகு 9 மூட்டையும் கொண்டுவந்தார்; இரண்டும் உண்மையான வரவு. நண்பர் கொடுத்த கட்டளை:

```
sort -t: -k2,2n -u nel.txt
```

வந்தது மூன்றே வரிகள். 9 மூட்டை காணோம். காரணம், `-k` கொடுத்துவிட்டால் `-u` முழு வரியைப் பார்ப்பதே இல்லை. சாவிப் புலம் ஒன்றாக இருந்தால் வரிகளும் ஒன்றுதான் என்று முடிவு செய்து, கோப்பில் முதலில் வந்ததை மட்டும் வைத்துக்கொள்கிறது. கையேட்டில் இது எழுதியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எத்தனை வரியைத் தூக்கியது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதுதான் எரிச்சல்.

`-n` சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். எண்ணாகப் படிக்க முடியாத எதையும் அது 0 என்றே எடுத்துக்கொள்ளும். விவசாயி எண்ணைப் பிறகு எழுதலாம் என்று காலியாக விட்ட இருபது வரிகள் இருந்தால், இருபதும் 0. தலைப்பு வரியும் 0. மிஞ்சுவது ஒரே ஒரு வரி.

சரியான வழி, வேலையை இரண்டாகப் பிரிப்பது. முதலில் சாவி எதுவும் இல்லாமல் முழு வரியை வைத்து நீக்கு, பிறகு வரிசைப்படுத்து:

```
LC_ALL=C sort -u nel.txt | sort -t: -k2,2n -k3,3n
```

இப்போது நான்கு வரிகள் வரும்; 101-க்கு 9 முதலிலும் 85 அடுத்தும். `LC_ALL=C` போட்டால் ஒப்பீடு பைட் பைட்டாக நடக்கும், வேறு வேறு வரிகள் ஒன்றாகிவிடும் பேச்சே இல்லை. மூன்றாம் புலத்தில் `n` இல்லாவிட்டால் 85 முன்னாலும் 9 பின்னாலும் நிற்கும், எழுத்தாகத்தானே பார்க்கும். `-k2,2` என்று முடிவையும் சொல்லுங்கள்; வெறும் `-k2` என்றால் அங்கிருந்து வரியின் கடைசி வரை சாவி. சந்தேகம் வந்தால் `--debug` சேர்த்துப் பாருங்கள், எந்தப் பகுதியைச் சாவியாக எடுத்தது என்று அடிக்கோடு போட்டே காட்டும். sort-இல் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கட்டளையைக் கற்றுக்கொடுப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது ஏனென்று புரியவில்லை.

ஆனாலும் ஒரே ஆள் ஒரே நாளில் 120 மூட்டையை இரண்டு நடை கொண்டுவந்திருந்தால்? அதைக் கட்டளையால் பிரிக்க முடியாது. ரசீது எண்ணுக்கு ஒரு புலம் வேண்டும். நீக்கும் முன்னால் `sort nel.txt | uniq -d` கொடுத்து, எவை இரட்டை என்று கண்ணால் பாருங்கள்.

தமிழில் பட்டியல் வைப்பவர்களுக்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: போக வேண்டிய வரி போகாது. கொரடாச்சேரியின் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், எகரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் அச்சு அசலாக ஒன்றுதான், உள்ளே பைட்டுகள் வேறு. sort இதைச் சரிசெய்து பார்ப்பதில்லை, இரண்டையும் வைத்துக்கொள்ளும். முன்னால் ஒரு கட்டளை போதும்:

```
uconv -x any-nfc nel.txt | LC_ALL=C sort -u
```

`uconv` இல்லையென்றால் டெபியன் வகை இயங்குதளங்களில் `icu-devtools` என்ற பொதியை நிறுவினால் வரும்.

வரிசைப்படுத்துவதற்கு sort-ஐ விட்டு வேறெதற்கும் நான் போக மாட்டேன். ஆனால் கணக்கு உள்ள கோப்பில் `-k`-யும் `-u`-வும் ஒரே கட்டளையில் இருந்தால், யார் எழுதிக் கொடுத்ததாக இருந்தாலும் ஓட்டாதீர்கள். முதலில் `wc -l` போட்டு வரிகளை எண்ணி வையுங்கள், பிறகு பிரித்து எழுதுங்கள்.