NaOH-ஆ, KOH-ஆ? பயோடீசல் ஆய்வறிக்கையில் இரண்டையும் ஒப்பிடும் முறை

தாவர எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும் ஆய்வறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒப்பீடு இது: ஒரு குடுவையில் எண்ணெய் எடையில் 1% NaOH, இன்னொன்றில் 1% KOH. இரண்டு நாள் கழித்து, "NaOH வேகமாக வேலை செய்தது, ஆனால் சோப்பு அதிகம் வந்தது" என்று முடிவு எழுதப்படும். அந்த முடிவு தராசிலேயே உருவானது. வினையூக்கி வினையில் சேர்வது கிராம் கணக்கில் அல்ல, மோல் கணக்கில். NaOH-இன் மோல் நிறை 40.0, KOH-க்கு 56.1. போதாததற்கு, கடையில் வரும் KOH வில்லைகளில் பெரும்பாலும் 85% தான் KOH. மீதியில் பெரும்பகுதி நீர். ஆக 2 கிராம் NaOH என்பது 0.050 மோல், 2 கிராம் KOH வில்லை என்பது 0.030 மோல் மட்டுமே. ஒருவருக்கு ஐந்து பங்கும் மற்றவருக்கு மூன்று பங்கும் கொடுத்துவிட்டு யார் கெட்டிக்காரர் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

எனவே முதலில் சம மோல். 200 கிராம் சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயை எடுத்துக்கொள்வோம். டிரைகிளிசரைடின் சராசரி மோல் நிறை 880 என்று கொண்டால் அது 0.227 மோல். ஒரு மோல் எண்ணெய்க்கு 3 மோல் மெத்தனால் போதும் என்றாலும், வினை மீள்வினை என்பதால் அதை வலப்பக்கம் தள்ள 6 மோல் வைக்கிறோம்: 43.7 கிராம், அதாவது சுமார் 55 மி.லி. வினையூக்கி 0.025 மோல். NaOH என்றால் 1.00 கிராம். KOH என்றால் தூய நிலையில் 1.40 கிராம், 85% வில்லையாக 1.65 கிராம். பாட்டில் லேபிளில் இருக்கும் தூய்மை சதவீதத்தை அறிக்கையில் எழுதாவிட்டால் இந்தக் கணக்கை யாராலும் சரிபார்க்க முடியாது.

உண்மையில் வேலை செய்வது ஹைட்ராக்சைடு அல்ல, மெத்தாக்சைடு. OH⁻ + CH₃OH ⇌ CH₃O⁻ + H₂O என்ற சமநிலையில் அது உருவாகிறது. அது எண்ணெயின் எஸ்டர் கார்பனைத் தாக்கி, கிளிசராலைப் படிப்படியாகக் கழற்றுகிறது. இந்தச் சமநிலையே நீரையும் தருகிறது: 0.025 மோலுக்கு அதிகபட்சம் 0.45 கிராம். KOH வில்லை தன்னோடு மேலும் சுமார் 0.25 கிராம் நீரைக் கொண்டுவரும். நீரும் காரமும் சேர்ந்தால் எஸ்டர் உடைந்து சோப்பாகும். அதனால்தான் ஆலைகளில் மெத்தனாலில் கரைத்த சோடியம் மெத்தாக்சைடையே விரும்புகிறார்கள். அது நீரைப் பிறப்பிப்பதில்லை. ஆய்வகத்தில் அது ஈரக்காற்றில் சீக்கிரம் கெட்டுப்போகும், கையாள்வதும் கடினம். மாணவர் ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரைக்கும்போதே ஒரு வித்தியாசம் கண்ணில் படும். KOH வில்லைகள் மெத்தனாலில் சீக்கிரம் கரையும். NaOH அடியில் தங்கிக்கொண்டு அடம்பிடிக்கும். கரையாத துகளோடு எண்ணெயில் ஊற்றினால், அந்தத் துகளைச் சுற்றியே சோப்பு திரளும், மற்ற இடத்தில் வினையூக்கி குறையும். மூடிய குடுவையில் காந்தக் கலக்கி வைத்து முழுக்கத் தெளியும்வரை காத்திருங்கள். கரையும்போது சூடாகும், மெத்தனால் ஆவி எழும். புகைக்கூண்டுக்குள் செய்யுங்கள், திறந்த தீ கூடவே கூடாது. மெத்தனால் ஆவியும் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும். வினை நடப்பது 60 டிகிரியில், குளிர்விப்பானோடு, ஒரு மணி நேரம், நல்ல கலக்கலுடன். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிப்பதால் அதற்கு மேல் போவதில் லாபமில்லை.

சுத்தமான, நீரில்லாத எண்ணெயில் இப்படிச் சம மோல் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு எண்ணெயை எஸ்டராக மாற்றும். வித்தியாசம் தெரிவது அடுத்த கட்டத்தில்தான்.

பிரிபுனலில் ஊற்றியதும் சில நிமிடங்களில் அடியில் கருமையான அடுக்கு இறங்கத் தொடங்கும். கிளிசராலின் அடர்த்தி 1.26, எஸ்டருடையது சுமார் 0.88, ஈர்ப்பே வேலையைச் செய்துவிடும். ஆனால் கீழ் அடுக்கு வெறும் கிளிசரால் அல்ல. மிஞ்சிய மெத்தனாலின் பெரும்பகுதி, வினையூக்கியின் பெரும்பகுதி, சோப்பு எல்லாம் அதில்தான். நம் கணக்கில் கிடைக்க வேண்டிய கிளிசரால் 20.9 கிராம், மிஞ்சும் மெத்தனாலோ 22 கிராமுக்குக் கிட்ட. கீழ் அடுக்கை அப்படியே எடைபோட்டு "கிளிசரால் விளைச்சல் 170%" என்று எழுதிய அட்டவணையைப் பார்த்தால் காரணம் இதுதான். மெத்தனாலை ஆவியாக்கி எடுத்த பிறகு எடைபோட வேண்டும். அதற்குப் பிறகும் சோப்பு அதில் இருக்கிறது என்று எழுத வேண்டும்.

இங்கே KOH முந்துகிறது. சோடியம் சோப்பு கெட்டியானது, பொட்டாசியம் சோப்பு மென்மையானது. சோப்பு கூடினால் NaOH குடுவையின் கீழ் அடுக்கு ஆறும்போது கூழாகி, குழாயில் அடைத்துக்கொள்ளும்; KOH-இன் கீழ் அடுக்கு பெரும்பாலும் ஓடும் திரவமாகவே இருக்கும். புதிய எண்ணெயில் இது சின்ன வித்தியாசம். பொரித்த எண்ணெயில் பெரிய வித்தியாசம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமில எண் 4 உள்ள பொரித்த எண்ணெய், அதே 200 கிராம். அமில எண் என்பது ஒரு கிராம் எண்ணெயின் தனிக் கொழுப்பு அமிலத்தைச் சமன்செய்யத் தேவைப்படும் KOH மில்லிகிராம். ஆக 800 மி.கி. KOH, அதாவது 14.3 மில்லிமோல் காரம் சமன்செய்யவே போய்விடும். நாம் போட்ட 25 மில்லிமோலில் மிஞ்சுவது 10.7 தான், வினை பாதியில் நொண்டும். இழப்பை ஈடுகட்ட NaOH என்றால் 0.57 கிராம், 85% KOH என்றால் 0.94 கிராம் கூடுதலாகப் போட வேண்டும். போட்டால் வினை நடக்கும், ஆனால் சுமார் 4.3 கிராம் சோடியம் சோப்போ 4.6 கிராம் பொட்டாசியம் சோப்போ குடுவைக்குள் இருக்கும். அந்தச் சோப்பு எஸ்டரைக் கையோடு கிளிசரால் அடுக்குக்கும் கழுவும் நீருக்கும் இழுத்துப் போகும். இந்த எண்ணெய்க்கு நான் KOH-ஐத்தான் எடுப்பேன். அமில எண் இன்னும் ஏறிவிட்டால் இரண்டுமே சரியான தேர்வு அல்ல. முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் கொண்டு தனி அமிலத்தை எஸ்டராக்கி, நீரை நீக்கிவிட்டுத்தான் காரத்துக்கு வர வேண்டும்.

பிரியவே மறுத்தால் மூன்றைச் சந்தேகியுங்கள். மெத்தனால் மிக அதிகமாக இருக்கலாம். அது இரண்டு அடுக்குக்கும் பொதுக் கரைப்பானாக நின்று பிரிய விடாது. வினை அரைகுறையாக நின்றிருக்கலாம். மோனோ, டைகிளிசரைடுகள் பால்மக் காரணிகளாக நடந்துகொள்ளும். அல்லது சோப்பு. கழுவும்போதும் இதே கதைதான். 50 டிகிரி வெந்நீரை முதல் தடவை குலுக்காமல் மெல்ல ஊற்றி, புனலைச் சாய்த்துச் சாய்த்து எடுங்கள். வெண்ணிறப் பால்மம் வந்தால் சூடும் உப்பு நீரும் உதவும். சிலர் அமிலம் விட்டு உடைப்பார்கள்; உடையும், ஆனால் சோப்பு தனிக் கொழுப்பு அமிலமாகி எஸ்டருக்குள்ளேயே திரும்பும். ஐரோப்பியத் தரநிலை ஈ.என். 14214 அமில எண்ணுக்கு 0.50 வரைதான் இடம் தருகிறது. அமிலம் விட்டீர்கள் என்றால் அமில எண்ணை மறுபடி அளந்து எழுதுங்கள்.

தூய்மைச் சோதனையில் முதலில் பிரிக்க வேண்டியது இரண்டு எண்களை: விளைச்சல், மாற்றம். 200 கிராம் எண்ணெய்க்குக் கோட்பாட்டு விளைச்சல் சுமார் 201 கிராம். 196 கிராம் கிடைத்தால் 98% என்று எழுதிவிடலாம், ஆனால் அதில் மாறாத எண்ணெயும் மெத்தனாலும் ஈரமும் எத்தனை கிராம் என்று தராசுக்குத் தெரியாது.

கையோடு செய்யக்கூடிய சோதனை: 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலை விட்டுக் குலுக்குங்கள். எஸ்டர் கரையும், மாறாத டிரைகிளிசரைடு கரையாமல் அடியில் துளியாக நிற்கும். மெத்தனாலும் மாதிரியும் அறை வெப்பநிலையில், 20 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் நிறைவுற்ற எஸ்டரே பிரிந்து ஏமாற்றும். துளி தெரிந்தால் வினை முடியவில்லை என்று உறுதி. தெரியாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று உறுதியில்லை, ஏனென்றால் மோனோகிளிசரைடு மெத்தனாலில் கரைந்து ஒளிந்துகொள்ளும்.

புரோட்டான் என்.எம்.ஆர். வசதி இருந்தால் மாற்றத்தை நேரடியாக எண்ணாக்கலாம். 3.66 பிபிஎம்மில் மெத்தில் எஸ்டரின் OCH₃, 2.30-இல் கார்போனைலுக்கு அடுத்த CH₂. பரப்புகள் 2.85, 2.00 என்று வந்தால் மாற்றம் 100 × (2 × 2.85) / (3 × 2.00) = 95.0%. தரநிலை கேட்பது 96.5% எஸ்டர் என்றாலும், அது வாயு நிறப்பகுப்பில் நிறை சதவீதமாக அளக்கப்படுவது. இரண்டையும் ஒரே வரியில் வைத்து ஒப்பிடக் கூடாது. அதே தரநிலையில் தனிக் கிளிசரால் 0.02%, மொத்தக் கிளிசரால் 0.25% வரை. தனிக் கிளிசரால் மீறினால் பிரித்ததிலும் கழுவியதிலும் குறை; மொத்தம் மட்டும் மீறினால் வினையில் குறை. எந்தக் கட்டத்தைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

கடைசியாகச் சோப்பு. 10 கிராம் பயோடீசலைச் சிறிது நீர் கலந்த அசிட்டோனில் கரைத்து, புரோமோஃபீனால் புளூ விட்டு, 0.01 நார்மல் HCl-ஆல் நீலம் மஞ்சளாகும்வரை தரம்பார்க்கிறோம். வெற்றுச் சோதனையைக் கழித்து 1.5 மி.லி. என்றால் 0.015 மில்லிமோல் சோப்பு. சோடியம் ஒலியேட்டாக (304.4) எழுதினால் 457 பிபிஎம், பொட்டாசியம் ஒலியேட்டாக (320.6) எழுதினால் 481 பிபிஎம். சொட்டு ஒன்றே, எண் இரண்டு. இரண்டு வினையூக்கிகளின் கழுவலை ஒப்பிடும்போது மில்லிமோலிலேயே எழுதுவது நேர்மை.

தரநிலை சோடியமும் பொட்டாசியமும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 5 மி.கி. மட்டுமே அனுமதிக்கிறது. பொட்டாசியம் அணு கனமானது என்பதால் அந்த எல்லை KOH-க்கு இன்னும் இறுக்கம்: சோடியம் சோப்பு 66 பிபிஎம் வரை போகலாம், பொட்டாசியம் சோப்பு 41 வரைதான். 41 பிபிஎம் என்பது மேலே சொன்ன தரம்பார்த்தலில் 0.13 மி.லி., அதாவது பியூரெட்டில் இரண்டு மூன்று சொட்டு. வெற்றுச் சோதனையின் பிழையே அவ்வளவு வரும். ஆகவே இந்தத் தரம்பார்த்தலை வைத்து "கழுவக் கழுவச் சோப்பு குறைந்தது" என்று எழுதலாம். "உலோக எல்லைக்குள் வந்தது" என்று எழுத அணு நிறமாலைமானியில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் தனித்தனியே அளந்த எண் வேண்டும்.