ஃபென்விக் ட்ரீயா, செக்மென்ட் ட்ரீயா: அப்டேட்டைப் பார்த்து முடிவெடுப்போம்

ஒரு அரே இருக்கிறது. l முதல் r வரை உள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள், நடுநடுவே எண்களை மாற்றவும் சொல்வார்கள். போட்டிப் பாணி அசைன்மென்ட்களில் இது திரும்பத் திரும்ப வரும் கணக்கு. எந்த ட்ரீ என்று பேச்சு வந்தால் பலரும் முதலில் வேகத்தைத்தான் இழுப்பார்கள். n 2,00,000, கேள்விகளும் 2,00,000 என்ற வழக்கமான அளவில் வேகம் எதையும் முடிவு செய்வதில்லை. இரண்டு ட்ரீயிலும் மட்டங்கள் சுமார் 18தான். ரிகர்ஷனோடு எழுதிய செக்மென்ட் ட்ரீ ஒரு கேள்விக்குச் சில மடங்கு கூடுதல் கணுக்களைத் தொடும், உண்மை. ஆனாலும் மொத்த வேலை ஒன்றிரண்டு கோடிப் படிகளுக்குள் முடிந்துவிடும். ஒரு நொடி வரம்புக்குள் இரண்டுமே தாராளமாக ஓடும்.

முடிவு செய்வது அப்டேட்டின் தன்மை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அரேயின் பல இடங்களில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்காமலே, இந்த அப்டேட்டை "இந்த இடத்தில் இவ்வளவு கூட்டு" என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால் ஃபென்விக். முடியாது என்றால் செக்மென்ட் ட்ரீ. CSES தளத்தில் "Dynamic Range Sum Queries", "Range Updates and Sums" என்று இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது இந்தக் கோட்டின் ஒரு பக்கம், இரண்டாவது மறுபக்கம்.

எளிதான பக்கத்திலிருந்து தொடங்குவோம். பீட்டர் ஃபென்விக் இந்த அமைப்பை 1994இல் வெளியிட்டபோது அவர் மனதில் இருந்தது தரவுச் சுருக்கம். எழுத்துகளின் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும், அதுவரையிலான தொடக்கக் கூட்டு உடனே வேண்டும். ஒரு புள்ளியில் கூட்டுவது, தொடக்கக் கூட்டைக் கேட்பது. அந்த இரண்டு வேலைக்கென்றே செதுக்கிய அமைப்பு என்பதால்தான் கோட் இவ்வளவு சிறியது:

```cpp
void add(int i, long long d) {
    for (; i <= n; i += i & -i) t[i] += d;
}
long long sum(int i) {
    long long s = 0;
    for (; i > 0; i -= i & -i) s += t[i];
    return s;
}
```

1 முதல் 8 வரை இன்டெக்ஸ் உள்ள அரே 5 3 7 9 6 4 1 2 என்று வைத்துக்கொள்வோம். ட்ரீயில் இருப்பவை 5, 8, 7, 24, 6, 10, 1, 37. நான்காம் இடத்தில் உள்ள 24 முதல் நான்கு எண்களின் கூட்டு, ஆறாம் இடத்தில் உள்ள 10 ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்தது. 3 முதல் 7 வரை வேண்டுமா? sum(7) என்பது 7, 6, 4 ஆகிய மூன்று இடங்களைத் தொடுகிறது: 1 + 10 + 24 = 35. sum(2) 8. கழித்தால் 27. அந்தக் கழித்தல்தான் ஃபென்விக்கின் மொத்தப் பலமும், எல்லையும். கூட்டலைக் கழித்தலால் திருப்பலாம் என்பதால் இது நடக்கிறது. கூட்டுத்தொகைக்குப் பதிலாக ஒரு ரேஞ்சின் பெரிய எண்ணைக் கேட்டால் கழிக்க எதுவும் இல்லை, இந்த வழி அங்கேயே நின்றுவிடும்.

இப்போது மூன்றாவது எண்ணை 7இலிருந்து 10 ஆக்கச் சொல்கிறார்கள். ஃபென்விக்குக்கு "10 ஆக்கு" என்பது புரியாது, "3 கூட்டு" என்பதுதான் புரியும். ஆகவே பழைய மதிப்பைத் தனி அரேயில் வைத்திருந்து வித்தியாசத்தை எடுக்க வேண்டும், எடுத்த கையோடு அந்த அரேயிலும் 10 என்று எழுத வேண்டும். இதை எழுத மறந்தால் வரும் தவறு நயமானது. ஒரு இடத்தின் முதல் அப்டேட் சரியாகவே இருக்கும், அதே இடத்துக்கு இரண்டாவது அப்டேட் வரும்போதுதான் விடை பிசகும். மாதிரி உள்ளீடுகள் சிறியவை, ஒரே இடத்தை இருமுறை தொடுவது அரிது, அதனால் அவை பாஸாகிவிடும். இன்னொன்று, இன்டெக்ஸ் 0. add(0, d) என்று அழைத்தால் i எப்போதும் 0ஆகவே இருக்கும், லூப் முடியவே முடியாது. ஆக, ஃபென்விக் எழுதிவிட்டு சிறிய உள்ளீட்டுக்கே TLE வந்தால் வேகத்தைத் தேட வேண்டாம், 0 எங்கே நுழைந்தது என்று பாருங்கள்.

இதே கணக்கைச் செக்மென்ட் ட்ரீயில் போட்டாலும் சரியான விடைதான் வரும். ஆனால் ஒரு புள்ளி மாற்றம், ஒரு கூட்டுத்தொகை என்ற அளவுக்கு அதை எழுதுவது தேவையில்லாத நீளம். நான் இந்த நிலையில் எப்போதும் ஃபென்விக் பக்கம்தான்.

அடுத்து, l முதல் r வரை எல்லாவற்றிலும் v கூட்டு என்கிறார்கள். பலர் இங்கேயே லேசி செக்மென்ட் ட்ரீக்குத் தாவிவிடுகிறார்கள், அது அவசரம். அரேயின் அடுத்தடுத்த எண்களுக்கு இடையிலான வித்தியாசத்தை D என்று வைத்தால், இந்த அப்டேட் இரண்டே புள்ளி மாற்றம்: D[l]இல் v கூட்டு, D[r+1]இல் v கழி. பழைய மதிப்பு எதுவும் தேவைப்படவில்லை, எனவே நம் கேள்விக்கு விடை "முடியும்". p வரையிலான தொடக்கக் கூட்டு இப்படி வரும்:

```
S(p) = (p+1) * ΣD[i] − Σ(i * D[i]),  i = 1..p
```

D[i]க்கு ஒரு ஃபென்விக், i * D[i]க்கு இன்னொன்று. காலியான அரேயில் 2 முதல் 5 வரை 3 கூட்டிப் பார்க்கலாம். D[2] = 3, D[6] = −3. S(4) என்றால் 5 × 3 − 6 = 9. 2, 3, 4 ஆகிய மூன்று இடங்களுக்கு மும்மூன்று, சரி. S(7) என்றால் முதல் கூட்டு 0, இரண்டாவது 6 − 18 = −12, விடை 12. நான்கு இடங்களுக்கு மும்மூன்று, அதுவும் சரி. மேலே உள்ள எட்டு வரியையே இரண்டு அரேக்களுக்கு ஓட்டினால் வேலை முடிந்தது. லேசி டேக், புஷ் எதுவும் கிடையாது.

கோடு தாண்டுவது "l முதல் r வரை எல்லாவற்றையும் v ஆக்கு" என்று வரும்போதுதான். நம் பழைய அரேயில் 2 முதல் 5 வரை 4 ஆக்கச் சொன்னால் 3 7 9 6 என்பவை 4 4 4 4 ஆகின்றன. வித்தியாசங்கள் +1, −3, −5, −2. மொத்தம் −9, அதைக் கணக்கிடுவது சுலபம், ஏனென்றால் பழைய கூட்டு 25, புதியது 16. ஆனால் அந்த −9 ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பிரிகிறது. ஒரே எண்ணைக் கொண்டு எழுதி வைக்க வழியில்லை, உள்ளே இருப்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. செக்மென்ட் ட்ரீக்கு இது ஒரு பொருட்டே அல்ல. ஒரு கணு தன் ரேஞ்ச் முழுவதும் 4 ஆகிவிட்டது என்று தெரிந்தால், பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு 4 × நீளம் என்று எழுதிக்கொள்ளும், குழந்தைக் கணுக்களுக்கான சேதியை டேக்காக வைத்துக்கொள்ளும்.

கூட்டுவதும் மாற்றி எழுதுவதும் ஒரே கணக்கில் கலந்து வந்தால் டேக்குகளின் வரிசைதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு கணுவில் "3 கூட்டு" காத்திருக்கும்போது "4 ஆக்கு" வந்தால் கூட்டல் ரத்து. "4 ஆக்கு" காத்திருக்கும்போது "3 கூட்டு" வந்தால் அது "7 ஆக்கு". இரண்டு தனி டேக்குகளும் if வரிசைகளுமாக எழுதினால் எங்காவது ஒரு நிலை விட்டுப்போகும். "டேக் இல்லை" என்பதற்கு 0 வைத்து, கணக்கோ 0 ஆக்கச் சொன்னால் அந்த அப்டேட் சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதனால் இரண்டையும் x → m·x + c என்ற ஒரே வடிவத்தில் வைப்பதை நான் வலுவாகப் பரிந்துரைப்பேன். கூட்டல் என்றால் m = 1, c = v. மாற்றி எழுதுவது என்றால் m = 0, c = v. டேக் இல்லை என்றால் m = 1, c = 0.

```cpp
void apply(int u, int len, long long m, long long c) {
    s[u] = m * s[u] + c * len;
    M[u] = m * M[u];
    C[u] = m * C[u] + c;
}
```

if ஒன்றுகூட இல்லை, வரிசை தானாகவே சரியாக விழுகிறது. புஷ் செய்வதென்றால் இதையே இரு குழந்தைகளுக்கும் அழைத்துவிட்டு, கணுவின் டேக்கை 1, 0 ஆக்கினால் போதும்.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. எட்டு எண் அரேயில் ஒரு ரேஞ்ச் அப்டேட் செய்துவிட்டு முதலில் முழுக் கூட்டையும், அப்புறம் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகக் கேளுங்கள். முழுக் கூட்டு சரி, தனி எண்கள் பழையவை என்றால் கீழே இறங்கும் வழியில் புஷ் விட்டுப்போயிருக்கிறது. தனி எண்கள் சரி, முழுக் கூட்டு பழையது என்றால், மேலே ஏறும்போது இரு குழந்தைகளையும் கூட்டி எழுதும் வரி இல்லை.

சரி, மாற்றி எழுதும் கணக்கு ஃபென்விக்கால் அறவே முடியாதா? முடியும், கொஞ்சம் சுற்று வழியில். ஒரே மதிப்புள்ள அடுத்தடுத்த இடங்களை ஒரு துண்டாகக் கருதி, துண்டுகளின் தொடக்கங்களை std::set இல் வைக்கலாம். ஒரு அப்டேட் தன் இரு முனைகளில் அதிகபட்சம் இரண்டு புதிய எல்லைகளைப் போடும். மாற்றி எழுதும்போது நடுவே உள்ள எல்லைகள் எல்லாம் அழியும், அழியும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரேஞ்ச் கூட்டல். பழைய மதிப்பை D மரத்திடமே கேட்கலாம். தொடக்கத்தில் n துண்டு, ஒரு அப்டேட்டுக்கு இரண்டு, ஆக மொத்தம் n + 2q துண்டுகளுக்கு மேல் அழிக்க எதுவும் இல்லை, சராசரிக் கணக்கில் log தான். அழகான வழிதான். ஆனால் ஒரு தனி அப்டேட் n துண்டுகளை அழிக்க நேரலாம். அப்டேட்டைத் திரும்பப் பெறு என்று கணக்கில் இருந்தால், அந்தக் கனமான அப்டேட்டையே மீண்டும் மீண்டும் செய்ய வைக்கலாம், கணக்கு உடைந்துவிடும். எழுத வேண்டிய கோட் நீளமும் மேலே சொன்ன லேசி ட்ரீயைவிடக் குறைவில்லை. வழி தெரிந்திருக்கட்டும், சமர்ப்பிக்க நான் செக்மென்ட் ட்ரீயையே எடுப்பேன்.

நினைவகம் ஒரே ஒரு இடத்தில் நிஜமாகவே பேசும்: இரு பரிமாணம். ஒரு பரிமாணத்தில் 2,00,000 எண்களுக்கு ஃபென்விக் 1.6 எம்பி, 4n அளவில் எழுதிய செக்மென்ட் ட்ரீ 6.4 எம்பி, டேக் அரேக்கள் சேர்ந்தால் 20 எம்பிக்குள். 256 எம்பி வரம்பில் இது ஒன்றுமே இல்லை. 1000 × 1000 கட்டத்தில் ஒரு கட்டத்தை மாற்றி, ஒரு செவ்வகத்தின் கூட்டைக் கேட்கும் கணக்கில் இரு பரிமாண ஃபென்விக் 8 எம்பியில், ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப்பாக முடியும். இரண்டு திசையிலும் 4n போட்ட செக்மென்ட் ட்ரீ 16 மடங்கு, அதாவது 128 எம்பி கேட்கும். அதிலேயே செவ்வகம் முழுவதையும் மாற்றி எழுதச் சொன்னால் லேசி டேக்கும் இரு திசையிலும் நேராக இறங்காது. ஆகவே இரு பரிமாணக் கணக்கில் அப்டேட் புள்ளியாகவோ கூட்டலாகவோ இருக்கும்வரை ஃபென்விக்கை விட்டு நகரக் காரணமே இல்லை.