முகப்பட அட்டையிலிருந்து பத்துக் கற்களுக்கு

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் சர்வே எடுப்பது பல வருடங்களாக என் வேலை. ‘மிகவும் திருப்தி’ முதல் ‘கொஞ்சமும் திருப்தியில்லை’ வரை ஐந்து பதில்களை வாசித்துக் காட்டினால், கேட்பவருக்குப் பெரும்பாலும் கடைசியாகக் காதில் விழுந்ததுதான் நிற்கும். அதனால் முதலில் எல்லோரும் எடுப்பது சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும் ஐந்து முகங்கள் போட்ட அட்டை.

அது இப்போது என் பையில் இல்லை. முகம் மனநிலையைச் சொல்லுமே தவிர அளவைச் சொல்லாது. மருத்துவமனையில் எப்படிக் கவனித்தார்கள் என்று கேட்டால், அன்று வீட்டில் நடந்த சண்டையை நினைத்து அழும் முகத்தில் விரலை வைப்பவர் உண்டு. ‘ஏன் இதைத் தொட்டீங்க?’ என்று கேட்டால்தான் இது வெளியே வரும்.

அதற்குப் பதிலாக நான் நம்புவது வாய்வழியாக இரண்டு படியில் கேட்பதை. முதலில் ‘திருப்தியா, திருப்தி இல்லையா?’ என்று இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். வெறும் ‘திருப்திதானே?’ என்றால் மரியாதைக்காகவே ஆமாம் வந்துவிடும். பதில் கிடைத்த பிறகு ‘கொஞ்சமா, ரொம்பவா?’ என்று கேட்டு, ஒரு சின்ன வட்டத்தையும் பெரிய வட்டத்தையும் காட்டுவேன். நான்கு நிலைகள் கிடைத்துவிடும். ஒரு தடவைக்கு இரண்டு விஷயத்துக்கு மேல் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

‘நடக்க எவ்வளவு வாய்ப்பு?’ என்ற கேள்விக்கு வட்டம் போதாது. அங்கே பத்துக் கற்கள். நிச்சயம் நடக்காது என்றால் தட்டில் ஒன்றும் வேண்டாம், நிச்சயம் நடக்கும் என்றால் பத்தும். உண்மையான கேள்விக்கு முன்னால் ஒரு ஒத்திகை கட்டாயம். இரண்டு நாளுக்குள் சந்தைக்குப் போவீர்களா என்று கேட்டு, அவர் நான்கு கற்களை வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு வாரத்துக்குள் என்று கேட்டால், கற்கள் கூடலாம், அப்படியே இருக்கலாம், குறையவே கூடாது. இரண்டு நாள் அந்த இரண்டு வாரத்துக்குள்தானே வருகிறது. குறைந்தால் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை என்று அர்த்தம். திரும்ப விளக்க வேண்டும். அப்புறமும் குறைந்தால் அவருடைய கல் பதில்களுக்குத் தனிக் குறி போட்டுவிடுவேன்.

ஐந்து கல் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். சிலருக்கு அது சரிபாதி வாய்ப்பு, சிலருக்கு ‘எனக்கென்ன தெரியும்’. எது என்று வாய்விட்டே கேட்டுவிடலாம்.

குடும்ப வன்முறை மாதிரி விஷயங்களுக்கு மட்டும் ஹெட்போனில் பதிவுசெய்த குரலும் திரையில் இரண்டு வண்ணப் பொத்தானும் வைத்துக்கொள்கிறேன். கேள்வி பக்கத்திலிருப்பவர் காதில் விழாது, பதில் எனக்கும் தெரியாது. ஆனால் ஆமாம், இல்லை தாண்டி அதில் எதுவும் கேட்பதில்லை. பொத்தான்கள் நான்கானால் எந்த வண்ணம் எதற்கு என்பது மறந்துபோய், ஹெட்போனைக் கழற்றி என்னிடமே கேட்கிறார்கள்.